படித்து முடிக்கும்வரை சேர்ந்த வட்டி அசலாக மாறும் நாள்

கேள்வி: மகள் 2021-ல் பி.இ. சேர்ந்தபோது ஒரு பொதுத்துறை வங்கியில் 6 லட்சம் கல்விக் கடன் வாங்கினோம். ஒவ்வொரு ஆகஸ்ட் தொடக்கத்திலும் ஒன்றரை லட்சம் வீதம் நான்கு முறை கல்லூரிக்குப் போனது. நாங்கள் இடையில் எதுவும் கட்டவில்லை, வங்கியும் கேட்கவில்லை. 2025 மே மாதம் படிப்பு முடிந்தது. டிசம்பர் கடைசி ஸ்டேட்மென்ட்டில் பாக்கி ஏறக்குறைய 7,75,000 என்று இருக்கிறது, வட்டி 10 சதவீதம். 2026 ஜூனில் தவணை ஆரம்பம், அதற்குள் வட்டி முழுவதும் அசலோடு சேர்ந்துவிடும் என்கிறார் மேனேஜர். இது வட்டிக்கு வட்டி இல்லையா? கையில் ஒரு லட்சம் இருக்கிறது. இப்போதே கட்டவா, தவணை ஆரம்பித்த பிறகா? மனைவியின் நகையை அடகு வைத்து மொத்த வட்டியையும் அடைத்துவிடலாமா? மகளுக்குச் சம்பளம் 28,000. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஐந்தரை லட்சம்.
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: நகையைத் தொடாதீர்கள். ஒரு லட்சத்தை மே மாதம் 31-ம் தேதிக்குள் கட்டுங்கள். அதற்கு முன் வங்கியிடமிருந்து இரண்டு தாள்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முதலில் 7,75,000 என்ற தொகையைச் சரிபார்ப்போம். ஒன்றரை லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் மாத வட்டி 1,250 ரூபாய். முதல் ஒன்றரை லட்சம் 2021 ஆகஸ்ட்டில் போனது, டிசம்பர் 2025 முடிய 53 மாதம். அடுத்தது 41 மாதம், அதற்கடுத்தது 29, கடைசியாகப் போனது 17. கூட்டினால் 140 மாதம். 140-ஐ 1,250-ஆல் பெருக்கினால் 1,75,000. ஆறு லட்சத்தோடு சேர்த்தால் 7,75,000. ஆக, உங்கள் வங்கி இதுவரை போட்டிருப்பது தனிவட்டி. மாதாமாதம் வட்டியை அசலில் ஏற்றி, அதன்மேல் மறுபடி வட்டி போட்டிருந்தால் இதே தேதியில் பாக்கி 8,07,000-ஐத் தாண்டியிருக்கும்.

இது வங்கி பார்த்துச் செய்த தயவு இல்லை. பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இருக்கிறது: படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் மாரட்டோரியம், அதாவது தவணை கட்ட வேண்டாத காலம், அந்தக் காலம் முழுவதும் தனிவட்டி, தவணை நிர்ணயிக்கும்போது சேர்ந்த வட்டி அசலோடு கூட்டப்படும். தனியார் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் சொந்தத் திட்டத்தில் கொடுத்த கடனுக்கு இந்த விதி தானாகப் பொருந்தாது. அங்கே சாங்ஷன் லெட்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

அப்படியானால் வட்டிக்கு வட்டி இல்லையா என்றால், இதுவரை இல்லை, 2026 ஜூன் 1 முதல் உண்டு. அன்றைக்குச் சேர்ந்த வட்டிக்கு ‘வட்டி’ என்ற பெயர் போய் ‘அசல்’ என்று பெயர் மாறிவிடும். மே முடிய நீங்கள் எதுவும் கட்டாவிட்டால் இன்னும் ஐந்து மாதம், மாதம் 5,000 வீதம் 25,000 சேரும். வட்டி சரியாக 2 லட்சமாகி, அசல் 8 லட்சம் என்று தவணை போடுவார்கள். பத்து ஆண்டுக்கு 10 சதவீதத்தில் 8 லட்சத்துக்கு மாதத் தவணை 10,572 ரூபாய். வெறும் 6 லட்சத்துக்கு என்றால் 7,929. வித்தியாசம் மாதம் 2,643, பத்து ஆண்டில் 3,17,000 ரூபாய்க்கு மேல். 2 லட்சம் வட்டியைத் திருப்பிக் கொடுக்க 3,17,000 ஆகிறது. நீங்கள் கேட்ட வட்டிக்கு வட்டி அந்த 1,17,000 ரூபாய்தான்.

இங்கே பலர் இரண்டு பக்கமும் தவறுவதுண்டு. ஒரு பக்கம், ஸ்டேட்மென்ட்டில் பாக்கி மாதாமாதம் ஏறுவதைப் பார்த்துவிட்டு ‘கூட்டுவட்டி போடுகிறார்கள்’ என்று சண்டைக்குப் போவது. பாக்கி ஏறுவது மட்டும் கூட்டுவட்டிக்கு அடையாளம் ஆகாது. சில வங்கிகளில் மாதக் கடைசியில் வட்டியைப் பற்று வைத்து, மொத்தப் பாக்கியில் காட்டுவார்கள், ஆனால் அடுத்த மாத வட்டியைக் கொடுத்த தொகைக்கு மட்டுமே கணக்கிடுவார்கள். வேறு சில வங்கிகளில் வட்டி தனியாக ஒதுங்கி நிற்கும், தவணை தொடங்கும் நாளில் ஒரே வரியாக வந்து விழும். இன்னொரு பக்கம், கணினி தப்பே செய்யாது என்று பார்க்காமலே விட்டுவிடுவது. கணக்கைத் திறக்கும்போது வட்டி வகையைத் தவறாகப் பதிந்திருந்தால் ஐந்து வருடமும் அதே தவறு ஓடும்.

கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு வேண்டாம். வட்டி விகிதம் மாறாத, இடையில் புதிதாகப் பணம் போகாத இரண்டு 31 நாள் மாதங்களை எடுங்கள். உங்களுக்குப் போன ஆண்டு அக்டோபரும் டிசம்பரும் சரியாக இருக்கும். 6 லட்சத்துக்கு 10 சதவீதம், 31 நாள் என்றால் வட்டி 5,096. இரண்டு மாதமும் அதே 5,096 என்றால் தனிவட்டி. கூட்டுவட்டியாக ஓடினால் அக்டோபரில் 6,690-ஐ ஒட்டியும் டிசம்பரில் 6,800-ஐ ஒட்டியும் இருக்கும். அளவும் பெரிதாக இருக்கும், மாதத்துக்கு மாதம் ஏறவும் செய்யும். 30 நாள் மாதத்தையும் 31 நாள் மாதத்தையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும், ஏனென்றால் வட்டி நாள் கணக்கில் போகிறது. நான் மேலே மாதக் கணக்கில் போட்டதால் உங்கள் தாளில் சில நூறு ரூபாய் முன்பின் இருக்கலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. 2021 முதல் இன்றுவரை வட்டி ஒரே 10 சதவீதமா? 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் மாறும் வட்டியில் கொடுத்த தனிநபர் கடன்கள் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் விகிதமான ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும், கல்விக் கடனும் அதில் வரும். 2022 மே மாதம் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5-க்குப் போனது. 2025-ல் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று முறையில் மட்டும் ஒரு சதவீதம் இறங்கியது. இப்படி இணைத்த கடனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது விகிதத்தைத் திருத்த வேண்டும். அதனால் உங்கள் விகிதம் நடுவில் ஏறி இறங்கியிருக்க வேண்டும். இப்போதைய விகிதம்தான் 10 என்றால் பரவாயில்லை. ஏறும்போது ஏற்றிவிட்டு இறங்கும்போது மறந்துவிட்டார்களா என்பதை விகிதத்தின் வரலாற்றுத் தாளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். 8 லட்சத்தில் ஒரு சதவீதம் என்பது ஆண்டுக்கு 8,000 ரூபாய். ஒரு லட்சத்தை எந்த மாதம் கட்டுவது என்பதைவிட இது பெரிய பணம்.

இப்போது அந்த ஒரு லட்சத்துக்கு வருவோம். தனிவட்டியில் ஓடும் கடனில் மாரட்டோரியம் முடியும்வரை சேர்ந்த வட்டிமேல் எதுவும் ஏறாது. நீங்கள் இன்று ஒரு லட்சம் கட்டினாலும் வங்கி அதை முதலில் வட்டிப் பாக்கியில்தான் வரவு வைக்கும், 6 லட்சம் அசல் அப்படியே நிற்கும். அதாவது அந்தப் பணத்தை ஜனவரியில் கட்டினாலும் மே 25-ல் கட்டினாலும் கடன் கணக்கில் முடிவு ஒன்றே. இடைப்பட்ட நாலரை மாதம் அதை ஒரு குறுகிய கால வைப்பில் போட்டு வைத்தால் வரும் வட்டி உங்களுக்கு மிச்சம். ஒரே ஆபத்து, வீட்டில் இருக்கும் பணம் வேறு செலவுக்குப் போய்விடுவது. அந்தப் பயம் இருந்தால் இன்றே கட்டிவிடுங்கள், இழப்பு இரண்டாயிரம் மூவாயிரம்தான்.

ஜூன் 1-க்குப் பிறகு தள்ளினால் ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் ஒரு லட்சத்துக்கு 833 ரூபாய் போகும். ஆனால் ஒரு நாள் தாண்டினால் குடிமுழுகிவிடும் என்றும் இல்லை. ஜூன் 2-ம் தேதி ஒரு லட்சம் கட்டினாலும் அசலில் ஒரு லட்சம் குறையத்தான் வேண்டும். ‘குறைய வேண்டும்’ என்று சொல்கிறேன், ஏனென்றால் நடைமுறையில் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். தவணை ஆரம்பித்த கணக்கில் நீங்கள் பெருந்தொகை செலுத்தினால் அதை முன்கூட்டி வந்த தவணைகளாக எடுத்துக்கொள்ளும்படி கணக்கு அமைந்திருக்கலாம். அடுத்த ஒன்பது மாதத் தவணை ‘கட்டியாச்சு’ என்று காட்டும், தவணைத் தொகையோ முடியும் தேதியோ மாறியிருக்காது. அதனால் ஜூனுக்குப் பின் எப்போது கூடுதலாகக் கட்டினாலும், ‘இது அசலில் பகுதி முன்செலுத்தல், தவணை எண்ணிக்கையைக் குறைத்துத் தாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புது அட்டவணையைக் கையில் வாங்குங்கள். மாறும் வட்டியில் தனிநபருக்குக் கொடுத்த இந்தக் கடனில் முன்செலுத்தலுக்கு அபராதம் கிடையாது. மே மாதத்துக்குள் கட்டினால் இந்தத் தொல்லையே இல்லை, தவணையே குறைந்த அசலுக்குப் போடப்படும்.

நகையைத் தொடாதீர்கள் என்றதற்கும் காரணம் உண்டு. நகைக் கடன் வட்டி 9 சதவீதத்துக்குக் கீழே வருவது அரிது, பத்துக்கு மேலும் போகும். ஒரு பத்து சதவீதக் கடனை இன்னொரு பத்து சதவீதக் கடனால் அடைப்பதில் என்ன லாபம்? கல்விக் கடனைப் பத்து ஆண்டில் கட்டலாம், நகைக் கடன் பெரும்பாலும் ஓராண்டில் திருப்ப வேண்டும். முடியாமல் போனால் நகையும் ஏலத்துக்குப் போகும். ‘அசலோடு சேர்கிறது’ என்ற சொல்லைக் கேட்டுப் பதறி இந்தக் காரியத்தில் இறங்க வேண்டாம்.

அதைவிட நல்ல வழி ஒன்று மகளின் சம்பளத்தில் இருக்கிறது. ஜனவரி முதல் மே வரை மாதம் 5,000 கட்டினால், புதிதாக ஏறும் வட்டி அங்கேயே நின்றுவிடும். அதோடு உங்கள் ஒரு லட்சமும் சேர்ந்தால் ஜூன் 1 அன்று அசல் 6,75,000. பத்து ஆண்டுத் தவணை 8,920 ரூபாய். எதுவும் செய்யாமல் இருந்தால் வரும் 10,572-ஐவிட மாதம் 1,652 குறைவு, பத்து ஆண்டில் 1,98,000. இப்போது போடுவது 1,25,000. 28,000 சம்பளத்தில், அதுவும் வெளியூரில் விடுதி வாடகை கொடுத்துக்கொண்டு 10,572 கட்டுவது மூச்சு முட்டும். 8,920-உம் இலகுவல்ல, ஆனால் ஓட்டலாம். ஐந்து மாதம் 5,000 எடுத்து வைத்துப் பார்த்தால் ஜூனில் திடீரென்று கை கடிக்காது.

தவணைக் காலத்தைப் பதினைந்து ஆண்டு வரை இழுக்கத் திட்டத்தில் இடம் உண்டு. மேனேஜரே அதைச் சொல்லக்கூடும். 8 லட்சத்துக்குப் பதினைந்து ஆண்டு என்றால் தவணை 8,597-தான், ஆனால் மொத்தம் கட்டுவது 15,47,000. பத்து ஆண்டில் 12,69,000. தவணையில் 1,975 குறைப்பதற்காக 2,78,000 கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். சம்பளம் நிலையில்லாத வேலை என்றால் நீண்ட காலத்தை எடுத்துக்கொண்டு, கூடுதல் கிடைக்கும்போது அசலில் கட்டுவது பாதுகாப்பு. மகள் வேலை நிலையானது என்றால் பத்து ஆண்டே போதும் என்பது என் கருத்து.

இனி அந்த இரண்டு தாள்கள். ஒன்று, கடன் கொடுத்த முதல் நாளிலிருந்து முழு ஸ்டேட்மென்ட். கைப்பேசிச் செயலியில் வரும் கடைசி ஆறு மாதத் தாள் போதாது. இரண்டாவது, அசலோடு சேரப்போகும் வட்டி எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த விகித வரலாற்றில் கணக்கிட்டது என்ற விவரம். வாயால் கேட்டால் ‘சிஸ்டம் போடும் சார்’ என்று பதில் வரும். எழுத்தில் கேளுங்கள். இப்படி நாலு வரி போதும்:

‘என் மகளின் கல்விக் கடன் கணக்கில், மாரட்டோரியம் முடியும் தேதி, அந்தத் தேதியில் அசலோடு சேர்க்கப்படும் வட்டித் தொகை, கடன் தொடங்கியது முதல் வட்டி விகிதம் மாறிய தேதிகளும் அளவுகளும், மாரட்டோரியத்தில் வட்டி தனிவட்டியாகக் கணக்கிடப்பட்டதா என்ற உறுதி ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டுகிறேன். மே மாத இறுதிக்குள் சேர்ந்த வட்டியில் ஒரு பகுதியைச் செலுத்த விரும்புகிறேன். அதன் பிறகு மீதமுள்ள தொகைக்கே தவணை நிர்ணயிக்க வேண்டுகிறேன்.’

நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி புகார் பதியலாம். வங்கியிடம் முதலில் எழுத்தில் கேட்டதற்கான ஆதாரம் இல்லாமல் அங்கே போனால் திருப்பிவிடுவார்கள், முத்திரை வாங்கச் சொல்வது அதற்காகத்தான்.

முழு ஸ்டேட்மென்ட் வந்ததும் முதல் ஆண்டின் வரிகளை நிதானமாகப் பாருங்கள். கல்லூரிக்குப் போன நான்கு தொகைகளைத் தவிர வேறு பற்று இருக்கிறதா என்று தேடுங்கள். கடன் காப்பீட்டு பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துக் கொடுத்திருந்தால் அது அசலாக ஐந்து வருடம் வட்டி சுமந்திருக்கும். உங்கள் கையொப்பம் இருந்தால் தவறு சொல்ல முடியாது, இருக்கிறதா என்று கேட்கலாம். சாங்ஷன் லெட்டரில் மாரட்டோரிய வாசகத்தையும் ஒருமுறை படியுங்கள். ‘படிப்பு முடிந்து ஓராண்டு’ என்று மட்டும் இருந்தால் ஜூன் 2026 சரி. பழைய படிவங்களில் ‘ஓராண்டு அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், எது முந்தியதோ’ என்று இருக்கும். அப்படி இருந்தால், மகள் எப்போது வேலையில் சேர்ந்தாள் என்பதைப் பொறுத்துத் தவணை முன்னாலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். அது தெரியாமல் பாக்கி விழுந்தால் மகளுக்கு மட்டுமல்ல, இணைக் கடன்தாரரான உங்கள் சிபில் மதிப்பெண்ணுக்கும் அடி.

வட்டி மானியம் உங்களுக்கு இல்லை. மத்திய அரசின் மானியத் திட்டத்தில் மாரட்டோரிய வட்டி முழுவதையும் அரசே ஏற்பது, தொழிற்கல்வி படிப்பவர்களில் குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். எட்டு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 3 சதவீதம் தரும் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு 2024 நவம்பரில்தான் ஒப்புதல் கிடைத்தது, 2021-ல் வாங்கிய கடனுக்கு அது வராது. நாலரை லட்சத்துக்குள் வருமானச் சான்றிதழ் கொடுத்து வாங்கிய மற்ற வாசகர்கள் மட்டும் ஸ்டேட்மென்ட்டில் மானிய வரவு இருக்கிறதா என்று தேடுங்கள். வரவு வராமலே வட்டியை அசலில் சேர்த்துவிட்டால், கிளை அந்த ஆண்டுக்கான கோரிக்கையை அனுப்பியதா என்று கேட்பதுதான் முதல் வேலை.

வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு என்று யாராவது சொல்வார்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது. 28,000 சம்பளத்துக்கு எப்படியும் வரி வராது, அதற்காகத் தேதியை முன்பின் மாற்ற வேண்டாம்.

கடைசியாக, பிள்ளை இப்போதுதான் முதலாமாண்டில் இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படிக்கும்போதே வட்டியை ஒழுங்காகக் கட்டி வந்தால் ஒரு சதவீதம் சலுகை தரத் திட்டம் வங்கிகளுக்கு இடம் கொடுக்கிறது, தருவதும் தராததும் வங்கியின் விருப்பம். இந்தக் கடன் அளவில் அந்தச் சலுகை மொத்தம் 20,000 ரூபாய் வரும். மாத வட்டி முதலாண்டில் 1,250, இரண்டாமாண்டில் 2,500, பிறகு 3,750, 5,000. சலுகை உண்டு என்று எழுத்தில் சொன்னால் மாதாமாதம் வங்கியிலேயே கட்டுங்கள். இல்லை என்றால், தனிவட்டிதான் என்று உறுதி செய்துகொண்டு அதே தொகையை அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பில் போட்டு, மாரட்டோரியம் முடிவதற்கு முந்தைய வாரம் எடுத்து மொத்தமாகக் கட்டுங்கள். கூட்டுவட்டி போடும் நிறுவனத்தில் வாங்கியிருந்தால் இந்தக் காத்திருப்பு வேலைக்கு ஆகாது. அங்கே ஒவ்வொரு மாதமும் கட்டினால்தான் லாபம்.